ஏ.சி. தண்ணீரை எங்கே விடுவது?

கேள்வி: கும்பகோணத்தில் நான்கு மாடி அடுக்ககம் ஒன்றில் இரண்டாம் தளத்தில் இருக்கிறோம். குடியிருப்போர் சங்கம் சுற்றறிக்கை ஒன்று அனுப்பியிருக்கிறது. ஜனவரி 31-க்குள் எல்லா ஏ.சி.க்கும் ஆண்டு சர்வீஸ் செய்து ரசீது கொடுக்க வேண்டும், ஏ.சி. தண்ணீர் வெளியே சொட்டக் கூடாது. அருகில் உள்ள மழைநீர்க் குழாயில் இணைக்க வேண்டும். தவறினால் மாதம் 500 ரூபாய் அபராதம். எங்கள் படுக்கையறை ஏ.சி.யின் தண்ணீர் கீழ்வீட்டு சன்ஷேடில் சொட்டுவது உண்மைதான். பிளம்பரோ, "மழைக்குழாய் தூரம், ஆறு மீட்டரில் குளியலறை இருக்கிறது, அதன் கழிவுக் குழாயில் நேராகச் சேர்த்துவிடலாம்" என்கிறார். சர்வீஸ் செய்பவர் வருடாவருடம் கேஸ் போட வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இந்தத் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள அம்மா,

பிளம்பரை முதலில் நிறுத்தி வையுங்கள். மற்ற எதையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். கழிவுக் குழாயில் நேராகச் சேர்த்த ஏ.சி. மட்டும் ஓசையில்லாமல் கெட்டுக்கொண்டே இருக்கும்.

சுவரில் மாட்டிய உள்யூனிட்டுக்குள் குளிர்ந்த செம்புச் சுருளும், அதன் கீழே ஒரு தட்டும் இருக்கின்றன. அறைக் காற்றில் உள்ள ஈரம் சுருளில் பட்டுத் தண்ணீராகித் தட்டில் விழுகிறது. தட்டின் ஓரத்தில் உள்ள துளை வழியாக வெளியேறுகிறது. அந்தத் துளைக்கும் அறைக்கும் நடுவில் கதவோ வால்வோ கிடையாது. அதை ஒரு குழாயால் கழிவுக் குழாயோடு இணைத்துவிட்டால், கழிவுக் குழாயில் இருக்கும் வாயு நேராகப் படுக்கையறைக்கு வருகிறது. போதாததற்கு உள்யூனிட்டின் விசிறி காற்றைச் சுருளின் வழியாக உறிஞ்சுகிற இடத்திலேயே தட்டும் இருப்பதால், நாற்றத்தையும் அது சற்று இழுத்துக் கொடுக்கும். ஏ.சி.யைப் போட்ட முதல் சில நிமிடங்களில் அழுகிய முட்டை வாடை வந்து, பிறகு மறைந்துவிடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது தண்ணீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்பதைத்தான்.

நாற்றத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்த வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு செம்பை அரிக்கிறது. பளபளப்பான செம்புக் குழாய் கருத்துப்போய், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழுந்து, கேஸ் கசியத் தொடங்கும். உங்கள் கேள்வியில் வரும் "வருடாவருடம் கேஸ்" என்ற கதையின் ஒரு முனை இங்கேயும் இருக்கலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

"நடுவில் ஒரு யூ வளைவு வைத்துவிட்டால் போகிறது, அதில் தண்ணீர் நின்று வாயுவைத் தடுக்கும்" என்று பிளம்பர் சொல்வார். பாதி சரி. ஏ.சி. ஓடும் காலத்தில் நிற்கும். கார்த்திகை, மார்கழியில் நீங்கள் ஏ.சி.யைத் தொடவே மாட்டீர்கள். சில வாரங்களில் வளைவில் உள்ள தண்ணீர் வற்றிவிடும். பிறகு அது வெறும் வளைந்த குழாய்தான்.

சரி, சங்கம் சொல்லும் மழைநீர்க் குழாய்? தண்ணீரின் சுத்தத்தை மட்டும் பார்த்தால் அதில் தவறில்லை. ஏ.சி. தண்ணீர் காற்றிலிருந்து இறங்கிய ஈரம்; மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போனால் கேடில்லை. சிக்கல் குழாயில் இருக்கிறது. மொட்டை மாடி முழுவதிலும் விழும் மழை அந்தக் குழாய்களில்தான் இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் டெல்டாவில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும் காலம்; குழி நிரம்பிவிடும். மழை வலுத்தால் குழி வாங்காது, அடியில் இலை அடைத்திருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும், குழாயில் தண்ணீர் மேல்நோக்கி நிற்கத் தொடங்கும். அப்போது அதற்குக் கிடைக்கும் முதல் வாசல் தரைத்தளத்திலோ முதல் தளத்திலோ யாரோ செருகிய ஏ.சி. குழாய்தான். மயிலாடுதுறையில் ஒரு வீட்டில், ஏ.சி. நின்றிருக்கும்போதே உள்யூனிட்டிலிருந்து பழுப்புத் தண்ணீர் படுக்கையில் கொட்டியது என்று அழைத்தார்கள். தட்டைக் கழற்றினால் வேப்பிலைச் சருகு. ஏ.சி.க்குள் வேப்பிலைக்கு வேறு வழி இல்லை.

நீங்கள் இரண்டாம் தளத்தில் இருப்பதால் உங்களுக்கு அவ்வளவு தூரம் வராமல் இருக்கலாம். ஆனால் மேலிருந்து மழைநீர் பாயும்போது குழாய்க்குள் காற்று அழுந்தும், உங்கள் ஏ.சி.யின் மெல்லிய நீரோட்டம் அதை எதிர்த்து இறங்காது. 'களக் களக்' என்று சத்தம் வரும். தட்டு நிறைந்தால் சுவரில் வழியும். சொட்டுவதை நிறுத்தப் போய் வீட்டுக்குள் சொட்ட வைத்த கதையாகிவிடும்.

அப்படியானால் உங்கள் வீட்டுக்கு என்ன வழி? முதலில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றரை டன் ஏ.சி. நம் ஊர் ஈரத்தில் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை தண்ணீர் விடும். காற்று வறண்ட நாளில் குறையும். மழைக்கால இரவில், கதவு அடிக்கடி திறந்தால் கூடும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் பத்து லிட்டருக்கு முன்பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு அது அதிகமில்லை. ஆனால் 24 வீடுகள், வீட்டுக்கு ஓர் ஏ.சி. ஓடுகிறது என்றால் ஒரே இரவில் 240 லிட்டர். அது எப்போதும் அதே சன்ஷேடில், அதே சுவரில் வழிந்தால் பாசி பிடிக்கும், காரை உப்பும், சன்ஷேடின் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்து விழும். உங்கள் சங்கத்தார் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பிளம்பர் காட்டிய ஆறு மீட்டர் வழியையே எடுத்துக்கொள்ளலாம். முடிவை மட்டும் மாற்ற வேண்டும். கழிவுக் குழாய்க்குள் நுழையாமல், குளியலறைத் தரையில் சல்லடை மூடியோடு தண்ணீர் வடியும் வாயான நஹானி டிராப்புக்கு மேலே குழாய் முடியட்டும். சல்லடைக்கும் குழாய் வாய்க்கும் நடுவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த இடைவெளிதான் முழுப் பாதுகாப்பும். வாயு வந்தாலும் ஏ.சி. குழாய்க்குள் ஏறாது, கழிவுநீர் எதிர்த்து வந்தாலும் தரையில் பரவுமே தவிர ஏ.சி.க்குப் போகாது. நஹானி டிராப்பில் நிற்கும் தண்ணீரும் வற்றாது, ஏனென்றால் வீட்டில் தினமும் யாராவது குளிக்கிறார்கள். யூ வளைவில் நாம் கண்ட குறை இங்கே இல்லை.

ஏ.சி.யிலிருந்து வரும் மெல்லிய சுருக்கக் குழாய் இருக்கிறதே, அது சுவரைத் தாண்டி அரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. வெயிலில் அது நொறுங்கும். ஆணிகளுக்கு நடுவில் தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கி, தூசியும் பாசியும் சேர்ந்து, சில மாதங்களில் வழவழப்பான சளி போல அடைத்துக்கொள்ளும். ஆகவே சுவருக்கு வெளியே வந்ததும் அதை 25 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் செருகச் சொல்லுங்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிய வேண்டும். ஆறு மீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர். பார்வைக்கு இது கோணலாகத் தெரியும். "நேராக இருந்தால்தானே அழகு" என்று பிளம்பர் மட்டம் பிடித்துவிடுவார். அழகுக்காக மட்டம் பிடித்த ஏ.சி. குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. ரசமட்டக் குழாயை வைத்து, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வித்தியாசத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். முக்கால் மீட்டருக்கு ஒரு கிளாம்ப் போட்டால் தொய்யாது. குளியலறை வென்டிலேட்டர் வழியாக உள்ளே நுழைந்து செங்குத்தாக இறங்கும் பகுதியில் குழாய்க்கு மேல் வியர்த்துச் சொட்டும். அங்கே மட்டும் கறுப்பு நுரை உறை போட்டால் போதும்.

சங்கம் எல்லா வீட்டுக்கும் பொதுவாகச் செய்ய விரும்பினால் இன்னும் நல்லது: ஏ.சி. தண்ணீருக்கென்றே சுவரோரம் தனியாக ஒரு 40 மில்லிமீட்டர் செங்குத்துக் குழாய். மேல் முனை மொட்டை மாடியில் திறந்திருக்க வேண்டும், காற்றுப் போக; மேலே ஒரு கவிழ்த்த வளைவு, மழையும் குப்பையும் உள்ளே விழாமல் இருக்க. ஒவ்வொரு தளத்திலும் சாய்ந்த ஒய் இணைப்பு. கீழ் முனை மண்ணுக்குள் புதையாமல், செடிப் பாத்திக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். அந்த முனையை வாரம் ஒரு முறை யாராவது பார்க்க வேண்டும். மண் குளவிக்கு இவ்வளவு வசதியான வீடு கிடைக்காது, ஏ.சி. ஓடாத மாதங்களில் உள்ளே கூடு கட்டி வாயை மூடிவிடும். சித்திரையில் முதல் முறை ஏ.சி.யைப் போடும் வீட்டில் தண்ணீர் வழியும், எல்லோரும் சர்வீஸ்காரரைத் திட்டுவார்கள். இதற்காக முனையில் வலை கட்டினால் அந்த வலையிலேயே பாசி அடைக்கும்; பார்த்துத் தட்டிவிடுவதுதான் வழி.

வேலை முடிந்ததும் கூலி கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உள்யூனிட்டின் முன்மூடியைத் திறந்து ஃபில்டரை எடுத்துவிட்டு, மின்பலகை இல்லாத பக்கமாக ஒரு லிட்டர் தண்ணீரைச் சுருளின் மேல் மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். குளியலறையில் ஒருவர் பாத்திரத்தோடு நிற்கட்டும். தயங்காமல் ஒரே சீராக வந்து, கிட்டத்தட்ட முழு லிட்டரும் பாத்திரத்தில் சேர வேண்டும். விட்டு விட்டு வந்தாலோ, பாதி உள்ளேயே நின்றாலோ எங்கோ தொய்வு இருக்கிறது.

இப்போது சர்வீஸ். சொட்டுவதற்கும் சர்வீஸுக்கும் தொடர்பு உண்டா என்றால், உங்கள் வீட்டுச் சொட்டுக்கு இல்லை. அது குழாயின் முனை தவறான இடத்தில் இருப்பதால் வருவது. பத்து முறை கழுவினாலும் சொட்டும். ஆனால் உள்யூனிட்டிலிருந்து அறைக்குள் வழிந்தால், அப்போது சர்வீஸுக்கு வேலை இருக்கிறது. தட்டும் துளையும் அடைத்திருக்கலாம். அல்லது ஃபில்டர் அடைத்துக் காற்று குறைந்து, சுருளின் மேல் பனி உறைந்திருக்கலாம். பனி என்றால் அடையாளம் எளிது: ஏ.சி. ஓடும்போது காற்று பலவீனமாக வரும், தண்ணீர் சொட்டாது; அணைத்த அரை மணியில் பனி உருகிக் கொட்டும்.

ஃபில்டரைக் கழுவச் சர்வீஸ்காரர் தேவையில்லை. ஏ.சி. தினமும் ஓடும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை நீங்களே குழாயடியில் கழுவி நிழலில் உலர்த்திப் போடலாம். ஆண்டு சர்வீஸில் நடக்க வேண்டியவை வேறு: உள்யூனிட்டுக்குப் பை மாட்டி சுருளையும் உருளை விசிறியையும் பம்பால் கழுவுவது, தட்டைச் சுரண்டித் துளையைத் திறப்பது, வெளியூனிட்டின் தகடுகளைக் கழுவுவது, மின்இணைப்புகளை இறுக்குவது. இவற்றில் வெளியூனிட்டைத்தான் பலரும் ஒப்புக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போகிறார்கள். சுருளின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

சங்கத்தின் தேதியோடு எனக்கு ஒத்துப்போகாதது இங்கேதான். ஜனவரி 31 என்பது சென்னைக்கோ கோவைக்கோ சரியாக இருக்கலாம். நம் பக்கத்தில் தை பிறந்தால் சம்பா அறுவடை. தாளடி மாசிக்கும் நீளும். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் பதரும் வைக்கோல் தூசியும் எவ்வளவு தூரம் பறக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் ஓரத்து அடுக்ககங்களில் மாசி மாதம் வெளியூனிட்டைத் திறந்தால் தகடுகளுக்கு நடுவே பதர் ஒட்டடையோடு சேர்ந்து கம்பளி போலப் படிந்திருக்கும். ஜனவரியில் கழுவிய யூனிட் அதே பதரோடு கத்திரிக்குப் போகிறது. பிறகு வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் மின்சாரத்தைக் குடிக்கும். பிப்ரவரி கடைசியில் தொடங்கி மார்ச் 31-க்குள் என்று வைத்தால் தூசியும் அடங்கியிருக்கும், வெயிலும் முழுதாக வந்திருக்காது. ஏப்ரலில் சர்வீஸ் ஆள் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அவசரத்தில் கழுவுவார்.

கேஸ் விஷயத்தில் உறுதியாக இருங்கள். ஏ.சி.யில் உள்ள கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது. எரிந்து தீர்வதற்கு அது சமையல் கேஸ் அல்ல. குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் போடும் கேஸ் அடுத்த ஆண்டும் போகும், பணமும் போகும். சர்வீஸ்காரர் "கேஸ் குறைவு" என்றால், எங்கே கசிகிறது என்று கேளுங்கள். வெளியூனிட்டோடு குழாய் சேரும் நட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் வருகிறதா என்று காட்டட்டும். அடைத்த பிறகு வாக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் எடுத்துவிட்டு, வெளியூனிட்டின் பெயர்ப்பலகையில் அச்சிட்ட எடையைத் தராசு வைத்து அளந்து நிரப்ப வேண்டும். தராசு இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பலாம். இப்போது வரும் பெரும்பாலான புதிய ஏ.சி.களில் இருப்பது ஆர்-32. அது ஓரளவு தீப்பற்றும் தன்மை உடையது. அறைக்குள் அரைகுறையாகத் திறந்துவிட்டு வேலை பார்ப்பதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

சர்வீஸ் அன்று வரும் தண்ணீரையும் தினசரி ஏ.சி. தண்ணீரையும் ஒன்றாக எண்ணக் கூடாது. சுற்றறிக்கையில் இந்தப் பிரிப்பு இல்லை. கழுவிய தண்ணீரில் கறுப்புச் சேறும், பல நேரம் காரத்தன்மையுள்ள ரசாயனமும் இருக்கும். அதைப் பொதுக் குழாயில் விட்டால் கீழே செடிகள் கருகும், மழைநீர்க் குழியில் விட்டால் நிலத்தடி நீருக்குப் போகும். பையிலும் வாளியிலும் பிடித்துக் கழிவறையில் கொட்டச் சொல்லுங்கள்.

பேட்டரிக்கு வேண்டாம், அம்மா. ஏ.சி. தண்ணீரில் உப்பு குறைவு என்பது உண்மைதான், அதனால்தான் அது காய்ச்சி வடித்த நீர் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது செம்பு, அலுமினியத் தகடுகளில் வழிந்து, தூசியும் பாசியும் உள்ள தட்டில் தங்கி வருகிறது. அந்த உலோகத் துணுக்குகள் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். டிஸ்டில்டு வாட்டர் மலிவுதான்; பேட்டரி விலை உங்களுக்கே தெரியும். குடிக்கவும் சமைக்கவும் கூடவே கூடாது. துளசிக்கு, பூச்செடிக்கு, தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்றத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வாளி வைத்துப் பிடிப்பதானால் தினமும் காலையில் காலி செய்யுங்கள், வாரம் ஒரு முறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவுக்கு இதைவிடத் தோதான தண்ணீர் இல்லை. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். ஊருக்குப் போகும்போது மறந்து விட்டுப்போகும் வாளிதான் ஆபத்து.

சங்கத்துக்கு நீங்கள் எழுதும்போது அபராதத்தை எதிர்த்து எழுதாமல், விதியைத் திருத்தக் கேட்டு எழுதுங்கள். நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: "ஏ.சி. தண்ணீர் பொதுச் சுவரிலோ பிறர் சன்ஷேடிலோ சொட்டாதவாறு, அவரவர் குளியலறை நஹானி டிராப்புக்கு மேல் இடைவெளி விட்டு முடியும் குழாயிலோ, சங்கம் அமைக்கும் தனிக் குழாயிலோ விட வேண்டும். மழைநீர்க் குழாயிலும் கழிவுக் குழாயிலும் நேரடி இணைப்பு கூடாது. சர்வீஸ் கழுவுநீரைக் கழிவறையில் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆண்டு சர்வீஸ் மார்ச் 31-க்குள்." ஏற்கெனவே மழைக்குழாயில் இணைத்துவிட்ட வீடுகள் இருந்தால், தரைத்தளத்தையும் முதல் தளத்தையும் புரட்டாசி முடிவதற்குள் பிரித்துவிடச் சொல்லுங்கள், மேல் தளங்கள் சற்றுப் பொறுக்கும்.

கீழ்வீட்டாரிடம் இன்றே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, குழாய் வேலை முடியும் வரை உங்கள் குழாய் முனையை உள்ளே இழுத்துப் பால்கனியில் ஒரு மூடிய கேனில் விட்டுவிடுங்கள். இருபது லிட்டர் கேன் இரவுக்குப் போதும். மூடியில் குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் துளை போதும். அதன் பக்கத்தில் ஒரு சிறு ஊசித் துளை போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் காற்று அடைத்துத் தண்ணீர் இறங்காது.